PIN பூட்டியதற்கு 80 வெள்ளி, அதற்கு மேல் 2,000 ரூபாய்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் முடிதிருத்தும் கடையில் வேலை செய்கிறேன். ஊர் வங்கிக் கணக்கில் யு.பி.ஐ. வைத்திருக்கிறேன், தமிழ்நாட்டு சிம் ரோமிங்கில் இருக்கிறது. என்னைப் போல இருக்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ராத்திரி தங்கைக்குக் காலேஜ் பணம் அனுப்பினேன். முந்தின வாரம்தான் PIN மாற்றியிருந்தேன். அவசரத்தில் பழையதையே மூன்று தடவை அடித்துவிட்டேன். மூன்றாவது தடவை திரையில் "PIN tries exceeded" என்று வந்தது. காசு போகவில்லை, ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. கடைத்தெருவில் ஒரு கைப்பேசிக் கடைக்கு ஓடினேன்.

"வங்கி பிளாக் பண்ணிட்டாங்க அண்ணே, இப்பவே திறக்கலேன்னா கணக்கே முடங்கிடும்" என்றான் கடைக்காரன். 80 வெள்ளி கேட்டான். டெபிட் கார்டையும் கைப்பேசியையும் வாங்கி, ஏ.டி.எம். PIN என்னவென்று கேட்டான். சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் புது PIN போட்டான். "வேலை செய்யுதான்னு பாக்கணும், திரும்பி வந்துடும்" என்று யாரோ ஒருவருடைய ஐ.டி.க்கு 2,000 ரூபாய் அனுப்பினான். அது திரும்பவே இல்லை. மறுநாள் கேட்டால் "வங்கியைக் கேளுங்க" என்கிறான்.

வங்கியில் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. PIN சரியா என்று பார்ப்பது ஆப் இல்லை, வங்கி. தப்பாகத் தொடர்ந்து அடித்தால், திருடன் ஊகித்து அடிக்கிறானோ என்று வங்கி யு.பி.ஐ.யை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறது. பெரும்பாலும் 24 மணி நேரம். கணக்கு முடங்குவதில்லை, உள்ளே இருக்கிற பணத்துக்கும் ஒன்றும் ஆகாது. நேரம் முடிந்ததும் சரியான PIN அடித்து இருப்பைப் பார்த்தால், தொகை தெரிந்தால் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

PIN மறந்தே போயிருந்தால் காத்திருந்தும் பயனில்லை. ஆப்பில் வங்கிக் கணக்கைத் தொட்டு "Forgot UPI PIN" போக வேண்டும். கார்டின் கடைசி ஆறு எண், காலாவதி மாதம், சிம்முக்கு வரும் ஓ.டி.பி., சில வங்கிகளில் ஏ.டி.எம். PIN. கடைக்காரன் செய்தது இவ்வளவுதான், காசே ஆகாத வேலை. ரோமிங்கில் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

"Declined by bank" என்று வந்தால் அது வேறு. இருப்பு குறைவாக இருக்கலாம், அன்றைய வரம்பு முடிந்திருக்கலாம், வங்கி சர்வர் படுத்திருக்கலாம். PIN மாற்றினால் அது சரியாகாது. கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணில் வங்கியையே கேளுங்கள்.

ஏ.டி.எம். PIN-ஐயும் சொல்லியிருந்ததால் அன்றைக்கே கார்டை பிளாக் செய்தேன், புதுக் கார்டுக்கு எழுதிக்கொடுத்தேன். cybercrime.gov.in-இல் புகாரும் போட்டிருக்கிறேன். 2,000 ரூபாய் இன்னும் வரவில்லை.