லிக்விட் ஃபண்டா, மணி மார்க்கெட் ஃபண்டா: இரண்டு மாதம் காத்திருக்கும் பணத்துக்கு எது?

வீடு கட்டும்போது பணம் மொத்தமாகச் செலவாவதில்லை. தளம் போடும் கட்டத்துக்கு 6 லட்சம் தரவேண்டும் என்று காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அது ஒன்றரை மாதத்திலா இரண்டரை மாதத்திலா என்பது மழையையும் ஆட்களையும் பொறுத்தது. அதுவரை பணத்தை எங்கே வைப்பது என்று பார்த்துத்தான், குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்ட் வகையான லிக்விட் ஃபண்டை நான் தேர்ந்தெடுத்தேன். எதிரே நின்றது மணி மார்க்கெட் ஃபண்ட். சேமிப்புக் கணக்கை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்: பெரிய வங்கிகளில் ஆண்டுக்கு 2.5 சதவீதம் அளவில்தான் வட்டி. எஃப்டியில் தேதி தெரியாத பணத்தைப் போட்டால், பாதியில் உடைக்கும்போது வட்டியைக் குறைத்துவிடுவார்கள்.

இரண்டு ஃபண்டுகளும் வாங்குவது ஏறக்குறைய ஒரே சரக்குதான். அரசின் டிரஷரி பில், வங்கிகள் வெளியிடும் சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட், கம்பெனிகள் வெளியிடும் கமர்ஷியல் பேப்பர். வித்தியாசம் கெடுவில் இருக்கிறது. செபி விதிப்படி லிக்விட் ஃபண்ட் 91 நாளுக்குள் முதிரும் பத்திரங்களை மட்டுமே வாங்கலாம். மணி மார்க்கெட் ஃபண்டுக்கு ஓராண்டு வரை இடம் உண்டு. நீண்ட கெடுவுக்குக் கடன் கொடுத்தால் பெரும்பாலும் வட்டி கொஞ்சம் கூடும் என்பதால் அதன் வருமானமும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வரியில் இரண்டும் ஒன்றே: 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு போட்ட பணத்தின் லாபம், எத்தனை காலம் வைத்திருந்தாலும், உங்கள் வருமானத்தோடு சேர்ந்து ஸ்லாப்படி வரிக்கு உள்ளாகும். ஆக, வரியை வைத்து இதில் எதையும் முடிவு செய்ய முடியாது.

முடிவு செய்வது அந்தக் கெடுதான். கணக்காகவே பார்ப்போம். லிக்விட் ஃபண்ட் ஆண்டுக்கு 6 சதவீதமும் மணி மார்க்கெட் 6.5 சதவீதமும் தருவதாக வைத்துக்கொள்வோம். 6 லட்சத்துக்கு இரண்டு மாதத்தில் லிக்விட் சுமார் 6,000 ரூபாய் தரும், மணி மார்க்கெட் 6,500. சேமிப்புக் கணக்கு 2,500. அதாவது சேமிப்பிலிருந்து லிக்விடுக்கு நகர்ந்ததிலேயே 3,500 ரூபாய் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் மணி மார்க்கெட் தருவது 500.

இந்த 500 ரூபாய்க்காக நாம் ஏற்கும் ரிஸ்க் என்ன? சந்தையில் வட்டி ஏறினால் கையில் இருக்கும் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை ஃபண்டின் மாதாந்தர ஃபேக்ட் ஷீட்டில் மாடிஃபைட் டியூரேஷன் என்ற எண் சொல்லிவிடும். மணி மார்க்கெட் ஃபண்டில் அது அரையாண்டு என்றால், சந்தை வட்டி திடீரென்று 0.5 சதவீதம் ஏறும்போது ஃபண்டின் மதிப்பு 0.25 சதவீதம் இறங்கும். நம் 6 லட்சத்தில் 1,500 ரூபாய். லிக்விட் ஃபண்டில் அந்த எண் 40 நாள் என்றால் இறக்கம் சுமார் 330 ரூபாய். காண்ட்ராக்டர் பணம் கேட்பதற்கு முந்தின வாரத்தில் இது நடந்தால், மணி மார்க்கெட்டில் கைக்கு வருவது 5,000, லிக்விடில் ஏறக்குறைய 5,670. முதலுக்கு மோசமில்லை, உண்மைதான். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் 500-க்கு எதிரே 1,500 நிற்கிறது.

வட்டி இறங்கினால் இதே கணக்கு தலைகீழாகி மணி மார்க்கெட்டுக்குச் சாதகமாகும். 2025-ல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போவைத் தொடர்ந்து குறைத்தபோது அப்படித்தான் நடந்தது. அந்த ஓராண்டு வருமானத்தைப் பார்த்து இப்போது மணி மார்க்கெட் ஃபண்டில் நுழைபவர்கள் 2022 மே 4-ஐ நினைவில் வைக்கவேண்டும். வழக்கமான கூட்டம் எதுவும் இல்லாத ஒரு புதன்கிழமை மதியம் ரிசர்வ் வங்கி ரெப்போவை 4-லிருந்து 4.4 சதவீதமாக உயர்த்தியது. ஓராண்டு டிரஷரி பில்லின் வட்டி உடனே துள்ளியது. வட்டி ஏறும் காலத்தில் மணி மார்க்கெட் ஃபண்டை நான் கையில் வைத்திருந்ததில்லை, அதனால் மேலே உள்ளதை அனுபவமாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொல்கிறேன்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இறங்கிய மதிப்பு இறங்கியபடியே நிற்பதில்லை. முதிர்ந்து வரும் பணம் புதிய, கூடுதல் வட்டிக்குப் போவதால் அந்த 0.25 சதவீதம் அரையாண்டுக்குள் திரும்பிவிடும். ஆகவே ஆறு மாதத்துக்கு மேல் தொடமாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்த பணத்துக்கு மணி மார்க்கெட் நல்ல இடம். ஓராண்டு என்றால் 6 லட்சத்துக்குக் கூடுதல் வருமானமே 3,000 ரூபாய். அதை விடுவானேன்?

பணத்தை எடுக்கும் வழியிலும் லிக்விட் ஒரு படி மேல்தான். வேலை நாளில் மதியம் 3 மணிக்குள் விண்ணப்பித்தால் அடுத்த வேலை நாளில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை விண்ணப்பித்தால் ஞாயிற்றுக்கிழமை என்ஏவி, அதாவது ஃபண்டின் ஒரு யூனிட்டுக்கு அன்றைய மதிப்பு, கணக்கில் எடுக்கப்படும், சனி ஞாயிறு வட்டியும் நமக்கே. மணி மார்க்கெட்டில் வெள்ளிக்கிழமை என்ஏவியோடு கணக்கு முடியும், ஆனால் பணம் திங்களோ செவ்வாயோதான் வரும். 6 லட்சத்துக்கு இது 200 ரூபாய் சமாச்சாரம். சின்னதுதான், ஆனால் மேலே பார்த்த கூடுதல் வருமானமே 500தான். அப்புறம், சில நிறுவனங்கள் லிக்விட் ஃபண்டில் 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90 சதவீதம், எது குறைவோ அதை, விடுமுறை நாளிலும் சில நிமிடங்களில் தருகின்றன. எல்லா நிறுவனங்களும் இதைத் தருவதில்லை, போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். லிக்விடில் முதல் ஆறு நாளுக்குள் எடுத்தால் வெளியேற்றக் கட்டணம் உண்டு. முதல் நாளே எடுத்தாலும் 0.007 சதவீதம், 6 லட்சத்துக்கு 42 ரூபாய்.

லிக்விட் என்ற பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 2017 பிப்ரவரியில் ஒரு காகித ஆலையின் கமர்ஷியல் பேப்பர் தரக்குறைப்புக்கு ஆளானபோது, அதைப் பெரிய அளவில் வைத்திருந்த ஒரு லிக்விட் ஃபண்டின் மதிப்பு ஒரே நாளில் சுமார் 7 சதவீதம் விழுந்தது. ஓராண்டு வட்டிக்கு மேல் போய்விட்டது. வட்டி ஏற்றத்தால் வரும் இறக்கம் திரும்பும். கடன் வாங்கியவர் தராமல் போனால் வருவது திரும்பாமலே போகலாம். எனவே போர்ட்ஃபோலியோ பட்டியலைத் திறந்து பார்ப்பேன். டிரஷரி பில்லும் பெரிய வங்கிகளின் பத்திரங்களும் மேலே நிற்கவேண்டும், எந்த ஒரு தனியார் கம்பெனியின் பேப்பரும் பெரிய பங்காக இருக்கக்கூடாது. மற்ற லிக்விட் ஃபண்டுகளைவிட அரை சதவீதம் கூடுதலாகத் தரும் ஒன்றைப் பார்த்தால், அதற்கான காரணம் அந்தப் பட்டியலில்தான் இருக்கும். கண்டுபிடிக்கும் வரை பணம் போடமாட்டேன். மணி மார்க்கெட் ஃபண்டுக்கும் இதே சோதனைதான்.

தளத்துக்கான 6 லட்சம் லிக்விடில் இருக்கிறது. மர வேலைக்கு அடுத்த ஆண்டு தேவைப்படும் தொகையை மணி மார்க்கெட்டில் போட்டிருக்கிறேன். அந்தத் தேதி நெருங்கி இரண்டு மாதம் இருக்கும்போது அதையும் லிக்விடுக்கு மாற்றிவிடுவேன். அப்படி மாற்றுவதும் விற்றதாகவே கணக்காகி அதுவரையிலான லாபத்துக்கு வரி வரும் என்பதால், மாற்றும் மாதத்தை நிதியாண்டு முடிவையும் பார்த்து வைத்துக்கொள்வேன்.