ஃபுல் டேங்கா, 20 லிட்டரா: அதிகம் ஓடாத இன்ஜினுக்கு எது சரி?

திருப்பூரில் என் வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போய்வர தினமும் 25 கிலோமீட்டர். ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டால் பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடும் என் பிளக்-இன் ஹைபிரிட் காரின் இன்ஜினுக்கு வேலையே இருக்காது. அதே கார் வைத்திருக்கும் ஈரோட்டு மச்சான் டேங்கை எப்போதும் நிரப்பியே வைப்பார். "திடீர்னு சென்னை போகோணும்னா என்ன பண்றதுங்க மாப்ள?" என்பார். நான் 20 லிட்டர் போட்டு, அது தீரும்போதுதான் மறுபடி போடுவேன்.

டேங்க் 60 லிட்டர். இருவருக்கும் மாதச் செலவு சுமார் 5 லிட்டர். மச்சான் மாதாமாதம் 5 லிட்டர் புதிதாக ஊற்றினாலும் அது பழையதோடு கலந்துவிடும். ஆக, அவர் டேங்கில் உள்ள பெட்ரோலின் சராசரி வயது ஒரு வருஷத்தை ஒட்டி நிற்கும். என்னுடையது நாலு மாதத்தில் தீர்ந்துவிடும்.

பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். இன்ஜின் கிளம்ப அதுதான் தேவை. மிச்சம் காற்றோடு வினைபுரிந்து பிசின் ஆகி இன்ஜெக்டரில் படியும். கிளம்பத் திணறினாலோ, பெட்ரோலில் வார்னிஷ் மாதிரி புளித்த வாடை வந்தாலோ சந்தேகப்படலாம். பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் வேறு ஈரத்தை இழுக்கும். சாதாரண காரில் டேங்கில் காலியிடம் குறைவாக இருந்தால் ஈரமும் குறைவு. அங்கே மச்சான் கணக்கு சரி. பல பிளக்-இன் கார்களில் டேங்க் காற்றுப் புகாமல் மூடியிருக்கும். பட்டனை அமுக்கி, அழுத்தம் இறங்கும்வரை காத்திருந்துதான் மூடியைத் திறக்க வேண்டும். அதில் அரை டேங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் வயது ஏறத்தான் செய்யும். ஷெவ்ரலே வோல்ட் காரில் பெட்ரோலுக்குச் சராசரியாக ஒரு வருஷம் ஆனதும், சார்ஜ் இருந்தாலும் இன்ஜினே ஓடி அதை எரித்துவிடும்.

ஆயிலில் நாங்கள் இருவருமே முதலில் ஏமாந்தோம். இன்ஜின் 2,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, எதற்கு மாற்ற வேண்டும் என்று இருந்துவிட்டோம். குளிர்ந்த இன்ஜின் இரண்டு நிமிஷம் ஓடி நின்றால், உள்ளே சேரும் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைக்காது. ஆயில் நீர்த்து, அமிலம் சேரும். கம்பியை எடுத்துப் பார்த்தால் அளவு கூடியிருக்கும், பெட்ரோல் வாசம் அடிக்கும். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் அது ஈரம். சிந்தெடிக் ஆயில் என்பதால் விலக்கு இல்லை. மேனுவலில் கிலோமீட்டரோடு மாதமும் போட்டிருக்கும்; எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்ற வேண்டும். நமக்கு எப்போதும் மாதம்தான் முதலில் வரும்.

கம்பெனி ஜெனரேட்டரை வாரத்துக்கு ஐந்து நிமிஷம் ஓட்டும் பழக்கத்தை மச்சான் காருக்கும் கொண்டுவந்தார். அது இருக்கிற ஈரத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கும், அவ்வளவுதான். நான் மாதம் ஒருமுறை சார்ஜை அப்படியே பிடித்துவைக்கும் மோடில் போட்டு, கோயம்புத்தூர் போகும் 50 கிலோமீட்டரையும் இன்ஜினிலேயே ஓட்டுவேன். மூன்று, நான்கு லிட்டர் தீரும், ஆயிலும் நன்றாகச் சூடேறும்.

சென்னைக்குப் போகிற வழியில் பெட்ரோல் பங்குக்கா பஞ்சம்? மச்சான் இப்போது 25 லிட்டருக்கு இறங்கியிருக்கிறார்.