ஓஎல்இடி மானிட்டரும் இருட்டில் துடிக்கும் திரையும்: திருப்பி அனுப்பும் காலம் முடியுமுன் சோதித்துவிடுங்கள்

240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி மானிட்டர் ஒன்றை விளையாட்டுக்காக வாங்கி, அதன் குறையை விற்றவர்களிடமும் சேவை மையத்திடமும் மெய்ப்பிக்க முயன்று, அந்த முயற்சியிலேயே திருப்பி அனுப்பும் காலக்கெடுவை இழந்தவன் நான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் குறை ஏதோ ஒரு நிறுவனத்தோடு நிற்பதுமில்லை. ஆனால் என்னை அலைக்கழித்த முறையும், எதைச் சோதித்திருந்தால் முதல் நாளிலேயே கண்டுபிடித்திருக்கலாம் என்பதும் பிறருக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. வெயில் அடிக்கும் காட்சிகளில் படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மூன்றாம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, குகைக்குள் நடக்கும் ஒரு கட்டத்தை விளையாடிக்கொண்டிருந்தபோது, பாறைச் சுவர் முழுவதும் மெல்லத் துடிப்பதைக் கண்டேன். யாரோ தொலைவில் ஒரு மங்கலான விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பது போல, கருஞ்சாம்பல் நிறம் வெளிறுவதும் மறுபடி இருள்வதுமாக இருந்தது. இடையே வந்த கதைக்காட்சியில் இன்னொன்றையும் கவனித்தேன். படத்துக்கு மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டைகள் அசையாமல் முழுக் கறுப்பாகவே இருந்தன. அவற்றுக்கு நடுவே இருந்த குகைச்சுவர் மட்டும் துடித்தது. அதாவது முழுவதும் அணைந்த பிக்சல்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை; மிகக் குறைந்த ஒளியில் எரிந்துகொண்டிருந்த பிக்சல்களே தடுமாறின. பின்னர் யோசித்தபோது, குறையின் அடையாளம் முழுவதும் அந்த ஒரு காட்சியிலேயே இருந்தது என்று புரிந்தது.

சேவை மையத்தில் முதலில் கேபிளை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பிறகு கிராபிக்ஸ் கார்டின் டிரைவரைப் புதிதாக நிறுவச் சொன்னார்கள். அதையும் செய்தேன். அதன்பின் வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் இடையே நாலைந்து நாள்கள் ஓடின. இறுதியில் மானிட்டரை எடுத்துச் சென்று, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என முழுத்திரை நிறங்களைக் காட்டிப் பார்த்துவிட்டு, ‘குறை எதுவும் காணப்படவில்லை’ என்ற சீட்டோடு திருப்பி அனுப்பினார்கள். அசையாத நிறங்களை, மாறாத 240 ஹெர்ட்ஸில், வெளிச்சமான அறையில் வைத்துப் பார்த்தால் இந்தக் குறை ஒருநாளும் வெளிப்படாது. காய்ச்சல் இரவில் மட்டும் வருகிறது என்பவனைப் பகலில் சோதித்து அனுப்பியது போன்ற சோதனை அது.

கேபிள் என்ற பதிலை அப்போது நான் நம்பியிருக்கக் கூடாது. கேபிளில் சிக்கல் இருந்தால் திரை ஓரிரு நொடிகள் முழுவதுமாக அணைந்து மீளும், அல்லது படத்தில் புள்ளிகள் சிதறும். இருண்ட சாம்பல் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிறச் செய்யும் வேலையைக் கேபிள் செய்யாது.

உண்மையில் நடப்பது இதுதான். விஆர்ஆர் எனப்படும் மாறும் புதுப்பிப்பு வீதம் இயங்கும்போது, கணினி ஒரு படச்சட்டத்தை வரைந்து முடிக்கும் வரை திரை காத்திருக்கிறது. நொடிக்கு 240 சட்டங்கள் வந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.2 மில்லிநொடி திரையில் நிற்கும். 48 சட்டங்கள் வந்தால் ஒவ்வொன்றும் 20.8 மில்லிநொடி நிற்க வேண்டும். ஓஎல்இடி பிக்சல் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மின்தேக்கி உண்டு. அடுத்த சட்டம் வரும்வரை, அந்தப் பிக்சல் எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதற்கான மின்னழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதன் வேலை. அந்த மின்னழுத்தம் நேரம் செல்லச் செல்லச் சிறிதளவு கசிகிறது. ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் ஒளியில் நொடிப்பொழுது இறக்கமும் ஏற்படுகிறது. காத்திருக்கும் நேரம் மாறினால் கசிவின் அளவும் மாறுகிறது, நொடிக்கு எத்தனை இறக்கங்கள் என்பதும் மாறுகிறது. ஆகவே கணினி அனுப்பும் நிறம் ஒன்றாகவே இருந்தாலும், கண்ணுக்கு வந்து சேரும் சராசரி ஒளி ஒன்றாக இருப்பதில்லை.

பிரகாசமான வானத்தில் இந்த வேறுபாடு கடலில் கரைத்த பெருங்காயம். கருஞ்சாம்பலிலோ பிக்சல் வழியே செல்லும் மின்னோட்டமே மிகமிகச் சிறியது. அதில் ஏற்படும் சிறு மாற்றம்கூட விகிதத்தில் பெரிதாகிவிடுகிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணும் அந்த விகித மாற்றத்தைத்தான் பார்க்கிறது. கணினி அனுப்பும் ஒவ்வொரு நிற அளவுக்கும் பிக்சல் எவ்வளவு ஒளிர வேண்டும் என்று வகுப்பது காமா வளைவு. தொழிற்சாலையில் அதைப் பெரும்பாலும் உயர்ந்த புதுப்பிப்பு வீதத்தில் வைத்தே சரிசெய்கிறார்கள். வீதம் இறங்கும்போது அந்த வளைவு பொருந்தாமல் போகிறது. என் மானிட்டரில் வீதம் தாழ்ந்தபோது கறுப்பு வெளிறியது. பேனலுக்குப் பேனல் இதன் அளவு வேறுபடும்.

இதில் கூடுதலாக ஒரு பொறி இருக்கிறது. அதை அறியாமல்தான் பலர் குழம்புகிறார்கள். என் மானிட்டரின் விஆர்ஆர் எல்லை 48 முதல் 240 ஹெர்ட்ஸ் வரை. விளையாட்டின் வேகம் 48-க்குக் கீழே போனால் திரையால் அவ்வளவு மெதுவாகப் புதுப்பித்துக்கொள்ள முடியாது என்பதால், ஒவ்வொரு சட்டமும் இருமுறை காட்டப்படுகிறது. மானிட்டரின் பட்டியலில் புதுப்பிப்பு வீதத்தைக் காட்டும் எண்ணியைப் போட்டுவிட்டுக் குகைக்குள் நடந்தபோது இதைக் கண்ணாலேயே பார்த்தேன். விளையாட்டு நொடிக்கு 49 சட்டங்கள் தந்தபோது எண்ணி 49 என்றது. வேகம் 47-க்கு இறங்கியதும் எண்ணி 94-க்குத் தாவியது. மறுபடி 50 ஆனதும் 50-க்கே விழுந்தது. விளையாட்டில் மாறியது இரண்டு மூன்று சட்டங்கள்தான், ஆனால் திரையின் வீதம் இருமடங்காகித் திரும்பியது. ஒவ்வொரு தாவலிலும் சுவர் ஒருமுறை துடித்தது. விளையாட்டு ஏற்றப்படும் திரைகளில் இது இன்னும் மோசம். அங்கே சில சட்டங்கள் சில மில்லிநொடிகளில் வந்துவிடுகின்றன, அடுத்தது வர நெடுநேரம் ஆகிறது, மீண்டும் வேகம் பிடிக்கிறது. இருண்ட பின்னணியில் சுழலும் ஒரு சின்ன வட்டம் மட்டும் இருக்கும் அந்தத் திரை, பழுதான குழல்விளக்கு போல அடித்துக்கொண்டது.

புதிதாக வாங்குகிறவர்கள் முதல் இரண்டு நாள்களுக்குள் செய்து பார்க்க வேண்டிய சோதனையைச் சொல்கிறேன். இரவில் அறை விளக்கை அணையுங்கள். விஆர்ஆர் இயங்குகிறது என்பதை மானிட்டரின் எண்ணியைக் கொண்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எண் மாறாமல் நின்றால் அது இயங்கவில்லை என்று பொருள், அப்போது சோதனையும் செல்லாது. பிறகு விளையாட்டில் இருண்ட ஒரு மூலைக்குச் சென்று, பாத்திரத்தை அசையாமல் நிறுத்திவிட்டு, சட்ட வேகத்துக்கு 120 என்று வரம்பு வையுங்கள். சுவரின் நிறத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு வரம்பை 60-க்கு இறக்குங்கள். சுவர் வெளிறினால் காமா பொருந்தவில்லை. அடுத்து 50, பின் 46 என்று மாற்றிப் பாருங்கள். 48 என்ற எல்லையைத் தாண்டும் கணத்தில் துடிப்புத் தெரியும். கடைசியாக விஆர்ஆரை அணைத்துவிட்டு அதே இடத்தில் அதையே செய்யுங்கள். துடிப்பு முற்றிலும் நின்றுவிட்டால் கேபிள், டிரைவர் என்று அலைய வேண்டியதில்லை.

சான்றாகக் காணொளி எடுப்பவர்கள், செல்பேசியின் ஒளியளவைப் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும். இல்லையேல் கேமரா தானாகவே ஒளியைக் கூட்டிக் குறைத்து, திரையின் தவறைத் தன் தவறாகக் காட்டிவிடும். நான் முதலில் அனுப்பிய காணொளியை அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் தள்ளினார்கள். அதில் மட்டும் அவர்கள் சொன்னது நியாயம். இரண்டாவது காணொளியில் எண்ணியையும் சுவரையும் ஒன்றாகக் காட்டி, விஆர்ஆர் அணைத்த நிலையையும் இயக்கிய நிலையையும் அடுத்தடுத்துப் பதிவுசெய்தேன். அதற்குப் பின் கேபிளைப் பற்றி எவரும் பேசவில்லை.

மாறாக ‘ஆன்ட்டி-ஃபிளிக்கர்’ என்ற அமைப்பை இயக்கிப் பார்க்கச் சொன்னார்கள். அது குறையைத் தீர்ப்பதில்லை. விஆர்ஆர் எல்லையைச் சுருக்கி, திரையின் வீதம் அதிகம் ஊசலாடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. துடிப்புக் குறைந்தது உண்மை. ஆனால் எல்லைக்கு வெளியே சென்ற காட்சிகளில் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. விஆர்ஆருக்காகத்தானே பணம் கொடுத்தேன்? சில டிவிகளில் இருண்ட பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் அமைப்பு ஒன்றும் உண்டு. அதைக் கொண்டு 60 ஹெர்ட்ஸில் வெளிறும் கறுப்பைச் சரிசெய்தால், 120 ஹெர்ட்ஸில் நிழலுக்குள் இருக்கும் விவரங்கள் மூழ்கிவிடும். வீதத்துக்கு வீதம் மாறும் பிழையை, எல்லா வீதத்துக்கும் பொதுவான ஒரு குமிழால் திருத்த இயலாது.

நடைமுறையில் எனக்குப் பயன்பட்டது சட்ட வேகத்தைக் கட்டுப்படுத்துவதுதான். கிராபிக்ஸ் அமைப்புகளைக் குறைத்து, விளையாட்டு 90-க்குக் கீழே இறங்காதபடி செய்து, வரம்பை 100-இல் வைத்தால் வீதத்தின் ஊசலாட்டம் 90-க்கும் 100-க்கும் இடையே அடங்குகிறது. என் கண்ணுக்குத் துடிப்புத் தெரிவதில்லை. ஏற்றத் திரைகளை இது காப்பாற்றாது. குகையும் இரவுமாகவே ஓடும் விளையாட்டுகளுக்கு விஆர்ஆரை அணைத்துவிட்டு, நிலையான 120 ஹெர்ட்ஸில், சட்டங்களைத் திரையின் வீதத்துக்குக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க் அமைப்பை இயக்கி ஆடுகிறேன். கட்டளைக்குத் திரை பதிலளிக்கும் நேரம் சற்றுக் கூடுகிறது, வேறு வழியில்லை.

மாற்று மானிட்டர் ஒன்றும் வந்தது. அதே குகை, அதே சுவர், அதே துடிப்பு. அதைத் தெரிவித்தபோது வந்த பதில், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது: ‘இது பழுதன்று, இவ்வகைப் பேனலின் இயல்பு. எனவே உத்தரவாதத்தில் அடங்காது.’ இயல்பு என்று அறிந்தவர்கள் என்னைக் கேபிள் மாற்றச் சொன்னது ஏன் என்று கேட்டேன். அட்டைப்பெட்டியின் மேல் 48 முதல் 240 வரை விஆர்ஆர் என்று அச்சிட்டவர்கள், இந்த இயல்பையும் எங்கேனும் அச்சிட்டிருக்கிறார்களா என்றும் கேட்டேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை. முதல் கேள்விக்கு, திருப்பி அனுப்பும் காலம் பதினொரு நாள்களுக்கு முன்பே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.