பாஸ்போர்ட் படிவத்தில் ஊர் முகவரியைப் போட்டு என்னைச் சிக்கவைத்த பிரவுசிங் சென்டர்

சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, ஆதாரில் சொந்த ஊர் முகவரி வைத்திருப்பவர்கள் பாஸ்போர்ட் எடுக்கப் போகும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். சோழிங்கநல்லூரில் வாடகை வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறேன். அறைக்குக் கீழேயே ஒரு பிரவுசிங் சென்டர். சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு அரசு கட்டணம் 1500 ரூபாய். அந்தக் கடைக்காரர் என்னிடம் 3500 வாங்கினார். "தற்போது வசிக்கிற முகவரி சென்னை, நிரந்தர முகவரி ஊர்" என்று நான் தாளில் எழுதியே கொடுத்தேன். அவரோ ஆதாரைப் பார்த்து, இரண்டு இடத்திலும் ஊர் முகவரியையே போட்டுவிட்டார். "ஆதாரில் இருக்கிறதைப் போட்டால்தான் சீக்கிரம் வரும் சார், சென்னையில்தானே அப்பாயிண்ட்மென்ட், போலீஸும் இங்கேதான் வரும்" என்றார். நானும் நம்பினேன்.

அது அப்பட்டமான தவறு. 2018 ஜூனிலிருந்து இந்தியாவில் எந்த ஊர் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் போலீஸ் விசாரணை, நீங்கள் படிவத்தில் தற்போதைய முகவரி என்று எதைக் கொடுத்தீர்களோ, அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்குத்தான் போகும். பாஸ்போர்ட்டும் ஸ்பீடு போஸ்டில் அந்த முகவரிக்கே வரும். எந்த ஊரில் கைரேகை வைத்தீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சில வாரம் கழித்து ஊரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு காவலர் வந்து நின்றிருக்கிறார். அம்மா திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருந்தாளாம். "தம்பி இருக்காராம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அவன் மெட்ராஸ்லதான் இருக்கான் சார், பொங்கலுக்குத்தான் வருவான்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். கொடுத்த முகவரியில் விண்ணப்பதாரர் வசிக்கவில்லை என்று அறிக்கை போயிற்று.

இது எனக்கு உடனே தெரியவும் இல்லை. காரணம், பாஸ்போர்ட் இணையதளத்தில் கணக்கு தொடங்கும்போது அந்தக் கடைக்காரர் தன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். நான் போய்க் கேட்டபோது, "போலீஸ் செலவுக்கு 1500 கொடுங்கள், சரி பண்ணிடலாம்" என்றார். கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடையில் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

கடைசியில் நானே பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனேன். நான் உண்மையில் வசிப்பது எங்கே என்று விளக்கக் கடிதம் எழுதி, சென்னை முகவரி உள்ள வங்கி பாஸ்புக்கை இணைத்துக் கொடுத்து, சென்னையில் மறு விசாரணை வைக்கச் சொல்லிக் கேட்டேன். வைத்தார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வீணாகப் போய்விட்டது.

படிவங்களில் கேட்கும் மூன்று முகவரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நிரந்தர முகவரி என்பது உங்கள் சொந்த வீடு, எத்தனை வாடகை வீடு மாறினாலும் மாறாதது. வசிப்பிட முகவரி என்பது இன்றைக்கு ராத்திரி நீங்கள் படுத்துத் தூங்கும் இடம். தொடர்பு முகவரி என்பது தபால் வந்தால் உங்கள் கையில் சேரும் இடம், அவ்வளவுதான். வேலை விண்ணப்பங்களில் இந்த மூன்றாவதை வீடு மாறாத உறவினர் வீடாகக்கூடக் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே தற்போதைய முகவரியே வசிப்பிடமும், தபால் வரும் இடமும். அதனால் விடுதியோ வாடகை வீடோ, இருக்கிற இடத்தைத்தான் எழுத வேண்டும். அந்த முகவரிக்கு ஆவணம் இல்லையென்றால் முதலில் வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ முகவரியை மாற்றிவிட்டு, அப்புறம் விண்ணப்பியுங்கள்.

தப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. படிவத்தில் தற்போதைய முகவரியோடு காவல் நிலையத்தின் பெயரும் இருக்கும். அதை மட்டும் பாருங்கள். எனக்கு அங்கே ஊர் ஸ்டேஷன் பெயர்தான் இருந்தது, நான் பார்க்கவில்லை. சேவை மையத்தில் முதல் கவுண்டரில் போட்டோ எடுத்தபின் உங்கள் பக்கம் இருக்கும் திரையில் எல்லா விவரத்தையும் காட்டி, சரியா என்று கேட்பார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் பார்த்துவிட்டு நான் தலையாட்டினேன். அங்கேயே சொல்லியிருந்தால் அப்போதே பிரச்சினை வெளியே வந்திருக்கும்.

கடைக்காரரிடம் கொடுப்பதாக இருந்தாலும் passportindia.gov.in தளத்தில் உங்கள் மின்னஞ்சலிலேயே கணக்கு தொடங்குங்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும்.

அம்மா இன்னமும், "நான் வாயைத் திறந்ததாலதானே கெட்டுச்சு" என்று வருத்தப்படுகிறாள். இல்லைம்மா, அந்தப் படிவத்தில் இருந்ததுதான் பொய், நீ சொன்னது உண்மை என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.