எல்போ, வால்வு, திடீர் விரிவு: இழப்பைக் கூட்ட மூன்று வழிகள், எது எங்கே சரி?

பம்ப் தேர்வுக்கு ஹெட் கணக்குப் போடும்போது நேர்க்குழாயின் உராய்வு இழப்பில் பெரிய தகராறு வருவதில்லை. எல்போ, வால்வு, என்.ஆர்.வி, ரெடியூசர் என்று வரும்போதுதான் ஆளுக்கொரு வழி. சிலர் உராய்வோடு 10 சதவீதம் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் ஒவ்வொரு பொருத்தையும் இத்தனை மீட்டர் குழாய்க்குச் சமம் என்று மாற்றிக் கூட்டுவார்கள். இன்னும் சிலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு K எண் எடுத்து h = K·V²/2g என்று போடுவார்கள். மூன்றையும் ஒரே குழாயில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஒரு கட்டடத்தின் தொட்டி ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். 80 மி.மீ. உள்விட்டமுள்ள ஜி.ஐ. குழாய், மொத்தம் 40 மீட்டர். வினாடிக்கு 10 லிட்டர் தண்ணீர். வேகம் ஏறக்குறைய 2 மீ/வி, எனவே V²/2g என்பது 0.20 மீட்டர். ஜி.ஐ. குழாய்க்கு இந்த ஓட்டத்தில் டார்சி உராய்வெண் f சுமார் 0.024. ஆக உராய்வு இழப்பு:

```
hf = f·(L/D)·V²/2g = 0.024 × 500 × 0.20 = 2.4 m
```

10 சதவீதக்காரர் இதோடு 0.24 மீட்டரைச் சேர்த்து 2.64 என்று முடித்துவிடுவார். சரி, வழியில் என்னென்ன இருக்கிறது? திருகு எல்போ ஆறு (ஒன்றுக்கு K = 0.9), கேட் வால்வு ஒன்று (0.2), கதவு போல் திறக்கும் என்.ஆர்.வி ஒன்று (2.0), கூர்விளிம்போடு உள்நுழையும் வாய் (0.5), தொட்டிக்குள் போய் விழும் முனை (1.0). கூட்டினால் 9.1. அதை 0.20-ஆல் பெருக்கினால் 1.82 மீட்டர். 'சிறு இழப்பு' என்று பெயர் வைத்த சாமான் உராய்வின் முக்கால் பங்கு வந்து நிற்கிறது. அந்த கேட் வால்வை எடுத்துவிட்டு குளோப் வால்வைப் போட்டால் (K சுமார் 10) இழப்பு 3.8 மீட்டருக்குப் போய் உராய்வையே தாண்டிவிடும். சதவீதக் கணக்கில் வால்வை மாற்றினாலும் விடை அசையாது. எனக்கு அந்த முறையின் பெரிய குறையே அதுதான்.

சமநீள முறை இதைவிடப் பல மடங்கு மேல். திருகு எல்போ குழாய் விட்டத்தைப் போல் 30 மடங்கு நீளம், சுருக்கமாக 30 விட்டம், திறந்த கேட் வால்வு 8, என்.ஆர்.வி 100, குளோப் வால்வு 340 என்று எண்கள் வழக்கத்தில் உண்டு. நுழைவு, வெளியேற்றம் இரண்டையும் K/f கொண்டு மாற்றினால் 21, 42. மொத்தம் 351 விட்டம், அதாவது 28 மீட்டர் குழாய். இழப்பு 1.69 மீட்டர். K முறையின் 1.82-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. களத்தில் கையில் தாளோடு நிற்கிறவருக்கு இது போதும். 'நாற்பதோடு இன்னொரு 28 மீட்டர்' என்பதைச் சூப்பர்வைசர்கூடச் சட்டென்று புரிந்துகொள்வார்.

பிரச்சினை குழாயை மாற்றும்போது வருகிறது. அதே உள்விட்டத்தில் வழுவழுப்பான பி.வி.சி போட்டால் f சுமார் 0.0165 ஆகும். அதே 351 விட்டத்தை வைத்துக்கொண்டால் பொருத்துகளின் இழப்பும் 1.16 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. என்.ஆர்.வி-க்குள் தண்ணீர் சுழன்று கலங்குவதற்கும் பக்கத்துக் குழாய் வழுவழுப்பாக இருப்பதற்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. இழப்பு பெரும்பாலும் நீரோட்டம் சுவரை விட்டுப் பிரிந்து சுழல் உண்டாவதால் வருவது. எதிர்ப்பக்கம், பழைய ஜி.ஐ. துருப்பிடித்து f 0.036 ஆகிவிட்டால் சமநீள முறை இழப்பை 2.5 மீட்டர் என்று மிகைப்படுத்தும். K அப்படி ஆடாது. ஆகவே சமநீளம் வேண்டுமென்றால் அந்த எண்கள் எந்த f-க்கு எடுக்கப்பட்டவை என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதே f-ஐ வைத்தே K-ஆக மாற்றுங்கள்.

K முறையிலும் கண்ணி உண்டு, திடீர் விரிவில்தான் அது தெளிவாகத் தெரியும். நம் உதாரணத்தில் பம்பின் வெளிவாய் 50 மி.மீ., அதிலிருந்து நேராக 80 மி.மீ. குழாய் என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் அப்படித்தான் ஒரு புஷ் போட்டு முடித்துவிடுகிறார்கள். 50-இல் வேகம் 5.1 மீ/வி, 80-இல் 2.0. போர்டா-கார்னோ சமன்பாடு:

```
h = (V1 − V2)²/2g = (5.09 − 1.99)²/19.62 ≈ 0.49 m
```

இதையே K-ஆக எழுதினால் K = (1 − (50/80)²)² = 0.37. ஆனால் இந்த 0.37 *சிறிய* குழாயின் வேகத்துக்கு உரியது. அங்கே V²/2g 1.32 மீட்டர். மற்ற K-களோடு சேர்த்துக் கூட்டி மொத்தத்தையும் பெரிய குழாயின் 0.20-ஆல் பெருக்கினால் 0.07 மீட்டர்தான் வரும். ஆறரை மடங்கு குறைவு, (80/50)-இன் நான்காம் படி. K அட்டவணையை எடுக்கிறவர்கள் ஒவ்வொரு வரியிலும் விட்டத்தை எழுதிவைத்தால் இந்தத் தவறு வராது. அப்புறம், தொட்டி முனையின் K = 1.0-ஐக் கூட்டிவிட்டு, வெளியேறும் நீரின் V²/2g-ஐயும் தனியே சேர்ப்பது இரண்டுமுறை எண்ணுவது.

இப்போது மொத்தம்: 2.4 + 1.82 + 0.49, அதாவது 4.7 மீட்டர். நிலை உயரம் 12 மீட்டர் என்றால் பம்ப் 16.7 மீட்டர் கொடுக்க வேண்டும். 10 சதவீதக்காரர் 14.64-க்கு வாங்கியிருப்பார். பம்ப் ஓடும், தண்ணீர் வரும், ஆனால் 10 லிட்டர் வராது. பம்பின் வளைகோடு தட்டையாக இருந்தால் குறைவு இன்னும் கூடும். பலருடைய சந்தேகம் அப்போது மோட்டார் மேல்தான் விழுகிறது.

வாங்கிவிட்ட பிறகும் இறக்க வழி இருக்கிறது. ஆறு திருகு எல்போவுக்குப் பதில் பெரிய ஆரமுள்ள வளைவுகள் (K சுமார் 0.3) போட்டால் 0.7 மீட்டர் மிச்சம். புஷ்ஷுக்குப் பதில் மெதுவாக விரியும் கூம்பு போட்டால் 0.49-இல் பெரும்பங்கு போகும். மொத்தக் கோணம் 7 டிகிரி அளவில் இருப்பது நல்லது. 60 டிகிரிக் கூம்போ திடீர் விரிவைவிடச் சற்று மோசமாகவே இருக்கும், காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்வது. பாதி மூடிக்கிடக்கும் கேட் வால்வையும் பார்க்கவும்: அப்போது K சுமார் 5, ஒரு மீட்டர் அங்கேயே போகிறது. முக்கால் மூடினால் K 24 வரை.

சதவீத முறையை முழுசாகத் தூக்கிப்போடவும் வேண்டாம். இதே பொருத்துகள் 3 கிலோமீட்டர் குழாயில் வந்தால் அவற்றின் இழப்பு உராய்வில் ஒரு சதவீதம்தான், அங்கே K அட்டவணை எழுதி உட்காருவது வீண்வேலை. ஆயிரம் விட்டத்துக்குக் குறைவான நீளத்தில் நான் எப்போதும் K-தான் போடுவேன், பம்ப் அறைக்குள் ஓடும் குழாயென்றால் கண்டிப்பாக. அதற்கும் ஒரு வரம்பு உண்டு: K எண்கள் அளக்கப்பட்டது முன்னும் பின்னும் நேர்க்குழாய் இருக்கும்போது. இரண்டு எல்போக்களை ஒட்டவைத்தால் இழப்பு இரண்டின் கூட்டாக இருக்காது, கூடலாம், குறையலாம். அதை எந்த அட்டவணையும் சரியாகச் சொல்லாது.