கையுறைக் காகிதத்திலிருந்து ஆபரேஷன் நோட் வரை: மூன்று வழிகள், ஒரே ஹெர்னியா

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்கிறேன். ஆபரேஷன் முடிந்து வெளியே வரும்போது என் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்தான். கையுறையைச் சுற்றி வரும் அந்த வெள்ளைத் தாளில், நான் சொல்லச் சொல்ல சிஸ்டர் குறித்து வைத்திருப்பார். அதை முறையான ஆபரேஷன் நோட்டாக மாற்ற மூன்று வழிகளில் எழுதிப் பார்த்திருக்கிறேன்: கதைபோல ஓட்டமாக எழுதுவது, தலைப்புகள் அச்சிட்ட படிவத்தை நிரப்புவது, கணினியில் அந்தந்த ஆபரேஷனுக்கென்று தயாராக இருக்கும் வாசகத்தைத் திருத்துவது. ஒரே கேஸை மூன்றிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கேஸ் இதுதான். 58 வயது தோட்டத் தொழிலாளி. வலது தொடை இடுக்கில் ஹெர்னியா சிக்கிக்கொண்டு எட்டு மணி நேரமாக வலி, வாந்தி. அன்று மழை, மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்தது. கீழே அனுப்ப வழியில்லை, இங்கேயே திறந்தோம். காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: “ரைட். பையில் திரவம் கலங்கல், நாற்றம் இல்லை. சிறுகுடல் 10 செ.மீ., கருநீலம். உள் வளையத்தில் இறுக்கம். சூடு பேக் 10 நிமிடம். பிங்க், அசைவு உண்டு. வெட்டவில்லை. மெஷ் இல்லை. பஸ்ஸினி, 1 புரோலின். ரத்தம் 50. கவுண்ட் சரி.” ஓரத்தில் இரண்டு நேரங்கள். ‘பை’ என்பது குடல் பிதுங்கி நிற்கும் உறை, ‘பேக்’ வெந்நீரில் நனைத்த துணி. மெஷ் என்பது பலவீனமான இடத்தில் வைத்துத் தைக்கும் வலை, பஸ்ஸினி அந்த வலை இல்லாமல் திசுவையே சேர்த்துத் தைக்கும் முறை, புரோலின் தையல் நூல். ‘கவுண்ட்’ என்றால் உள்ளே எதுவும் தங்கிவிடாமல் துணிகளையும் கருவிகளையும் எண்ணிப் பார்ப்பது. நாங்கள் நோட்டை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம், இங்கே தமிழில் சொல்கிறேன்.

முதலில் கதை நடை. களைப்போடு இரவு ஒரு மணிக்கு எழுதினால் இப்படித்தான் வரும்: “பை திறக்கப்பட்டது. குடல் நிறம் மாறியிருந்தது. சூடான பேக் வைத்தபின் சரியானது. உள்ளே தள்ளி மூடப்பட்டது.” பொய் எதுவும் இல்லை. ஆனால் மூன்றாம் நாள் இந்த நோயாளிக்கு வயிறு உப்பிக் காய்ச்சல் வந்து, கோவையில் ஒரு சர்ஜன் இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளக் குடல்? எத்தனை நிமிடம் காத்திருந்தார்கள்? ‘சரியானது’ என்றால் நிறம் மட்டுமா, அசைவும் வந்ததா, குடலுக்கு ரத்தம் கொண்டுவரும் மடிப்பான குடல் தாங்கியில் நாடித்துடிப்பு தெரிந்ததா? அந்தக் குடல் பிழைத்ததா, அழுகத் தொடங்கியிருக்கிறதா என்று அவர் முடிவெடுக்க வேண்டியது இதை வைத்துத்தான். எனக்குத் தோன்றாததை என் பேனா கேட்காது. இந்த நடையின் குறை அதுதான்.

ஒரு நன்மையும் உண்டு, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘ஏன்’ என்பது கதையில்தான் இயல்பாக வருகிறது. ஏன் வெட்டவில்லை, ஏன் மெஷ் வைக்கவில்லை என்பதைக் கட்டங்களுக்குள் எழுத யாருக்கும் கை வராது.

மூன்றாவது வழியை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் சுட்டது அதுதான். முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ‘ஹெர்னியா’ என்று தேர்ந்தெடுத்தால் முழு நோட்டும் திரையில் வந்து நிற்கும். நரம்பு கண்டறிந்து பாதுகாக்கப்பட்டது, 15 × 7.5 செ.மீ. மெஷ் வைத்துத் தைக்கப்பட்டது என்று எல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்கும். பெயரையும் பக்கத்தையும் மாற்றினால் இரண்டு நிமிட வேலை. மெஷ் வைக்காத ஒருவருக்கு நான் அந்த வரியை நீக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சில வாரம் கழித்துக் காயத்தில் சீழ் என்று அவர் வேறு மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து போன்: “டாக்டர், மெஷ் வைச்சதா போட்டிருக்கீங்க. உள்ளே தேடிக்கிட்டிருக்கோம், ஒண்ணும் காணோம்.” இல்லாத மெஷ்ஷுக்காக ஒருவர் திறந்து துழாவப்பட்டார். என் அவசரத்தின் விலையை அவர் கொடுத்தார்.

நரம்பு விஷயம் இன்னும் நுட்பமானது. தொடை இடுக்கு வழியே ஓடும் அந்த நரம்பு வீங்கிய திசுவில் கண்ணுக்கே தெரியாமல் போகும். ‘பார்த்தோம், காப்பாற்றினோம்’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் வேறு வேறு. பின்னால் தொடை இடுக்கில் எரிச்சல் என்று நோயாளி வரும்போது அந்த வேறுபாடுதான் வழிகாட்டும். தயார் வாசகம் எப்போதும் ‘காப்பாற்றினோம்’ என்றே சொல்லும். திட்டமிட்டுச் செய்யும் சாதாரண ஹெர்னியாவுக்கு இது ஓரளவு ஒத்துவரலாம், அதுவும் மெஷ், நரம்பு, தையல் நூல் மூன்றையும் காலி இடமாக விட்டு, நிரப்பாமல் கையெழுத்துப் போட முடியாதபடி வைத்தால் மட்டும். நள்ளிரவு அவசரக் கேஸுக்கு வேண்டாம்.

இப்போது நான் கையாள்வது தலைப்புப் படிவம். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஆபரேஷன் நோட்டில் இருக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் தந்திருக்கிறது: தேதியும் நேரமும், அவசரமா திட்டமிட்டதா, யார் யார் செய்தார்கள், கீறல், கண்டவை, சிக்கல்கள், எடுத்ததும் வைத்ததும், மூடிய விதம், ரத்த இழப்பு, ஆன்டிபயாட்டிக், பிந்தைய கவனிப்பு, கையெழுத்து. எங்கள் படிவம் அதையொட்டியது. துண்டுக் காகிதத்தில் எல்லாம் நினைவுக்கு வந்த வரிசையில் கிடக்கும். அதை நான் முதலில் இரண்டாகப் பிரிக்கிறேன்: கண்ணால் கண்டது ஒன்று, கையால் செய்தது இன்னொன்று. ‘கருநீலம்’, ‘கலங்கல்’, ‘உள் வளையத்தில் இறுக்கம்’ எல்லாம் கண்டவை. ‘பேக்’, ‘பஸ்ஸினி’ செய்தவை. ‘பிங்க்’ மட்டும் கொஞ்சம் குழப்பும். அது கண்டதுதான், ஆனால் ஒன்றைச் செய்தபின் கண்டது. ஆகவே அதைச் செய்முறையில், அந்தப் படிக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

அப்படி வந்த பகுதி: “கண்டவை: பையில் கலங்கிய திரவம், நாற்றமில்லை. சிறுகுடல் வளைவு சுமார் 10 செ.மீ., கருநீலம், துளை இல்லை. இறுக்கம் உள் வளையத்தில். செய்முறை: 1. பையை முதலில் திறந்து, குடல் நழுவிப் போகாமல் பிடித்துக்கொண்டு, பிறகு வளையம் வெட்டப்பட்டது. 2. வெதுவெதுப்பான சலைன் பேக், 10 நிமிடம். நிறம் திரும்பியது, அசைவு வந்தது, குடல் தாங்கியில் துடிப்பு தெரிந்தது. இறுகிய இரு தடங்களும் பார்க்கப்பட்டன. 3. குடல் வெட்டப்படவில்லை. 4. திரவம் கலங்கியிருந்ததால் மெஷ் தவிர்க்கப்பட்டது. பஸ்ஸினி முறை, 1 புரோலின். நரம்பு: அடையாளம் காணவில்லை.”

துடிப்பு, இரு தடங்கள், துளை, நரம்பு, பையை முதலில் திறந்தது எதுவும் காகிதத்தில் இல்லை. கூட நின்ற உதவி டாக்டரிடம் அப்போதே கேட்டு, என் நினைவோடு ஒத்துப்பார்த்து எழுதியவை. யாருக்கும் நினைவில்லாததை ‘வழக்கமாக இப்படித்தான் செய்வோம்’ என்று நிரப்பக் கூடாது, ‘குறிக்கப்படவில்லை’ என்று எழுத வேண்டும். கீறல் நேரம் காகிதத்தில் 11.40, மயக்க மருந்துச் சார்ட்டில் 11.50 என்று இருந்தது. சார்ட் அந்தந்த நிமிடமே எழுதப்படுவதால் அதையே எடுத்தேன், எடுத்ததையும் குறித்தேன். ரத்தம் 50 மி.லி. என்பதை சக்‌ஷன் பாட்டிலையும் நனைந்த மாப்களையும் பார்த்துச் சொன்னது சிஸ்டர்.

இந்தப் படிவத்திலும் ஒரு ஆபத்து இருக்கிறது. ‘சிக்கல்கள்’ என்ற கட்டத்தில் கை தானாக ‘இல்லை’ என்று எழுதும். அதனால் அந்தக் கட்டத்தை நான் கடைசியில்தான், காகிதத்தை இன்னொரு முறை வாசித்தபின் நிரப்புகிறேன். கதை நடையின் ‘ஏன்’ விட்டுப்போகாமல் இருக்க, செய்முறைக்குக் கீழே ‘முடிவும் காரணமும்’ என்று நான்கு வரி இடம் சேர்த்து அச்சிட்டோம். பதினைந்து நிமிடம் ஆகிறது, தயார் வாசகத்தைவிடப் பல மடங்கு நேரம். கையுறைக் காகிதத்தைக் கேஸ் ஷீட்டிலேயே ஒட்டிவிடுகிறேன். நோட்டில் பிழை கண்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் நேரமும் இடுகிறேன், வெள்ளை பூசுவதில்லை.

அந்தத் தொழிலாளி ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார். மழைக்காலம் என்பதால் நோட்டின் நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் மகளிடம் கொடுத்தோம். வயிறு உப்பினாலோ வாந்தி வந்தாலோ எந்த ஆஸ்பத்திரியானாலும் முதலில் இந்தத் தாளைக் காட்டச் சொன்னேன்.