நெல்லையில் பதிவு, மும்பையில் பரீட்சை: மனைத் தரகருக்கான உரிமங்கள் ஓர் ஒப்பீடு

திருநெல்வேலிச் சீமையில் மனைத் தரகைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது, இதற்குப் படிப்பும் பரீட்சையும் உண்டா என்பதுதான். தமிழ்நாட்டில் இல்லை, மகாராஷ்டிரத்தில் உண்டு. மத்தியச் சட்டம் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஒன்றேயானாலும், ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவு அந்த மாநிலத்துக்கு மட்டுமே செல்லும். தாராவியில் தலைமுறைகளாக வாழும் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் மனை பேசுவதால், இந்த வேறுபாடு இங்கே வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை.

தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, பான் அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம் போன்றவற்றை ஏற்றி, கட்டணம் செலுத்தினால், ஐந்தாண்டுகளுக்குப் பதிவு கிடைக்கும். வில்லங்கச் சான்றிதழைப் படிக்கத் தெரியுமா, பட்டாவில் உள்ள உட்பிரிவு எண்ணைப் புல வரைபடத்தோடு ஒப்பிடத் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. ஆகவே இந்தப் பதிவு தொழில் செய்வதற்கான அனுமதியே தவிர, தொழில் தெரியும் என்பதற்கான சான்று அன்று.

பழைய வீட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றிவிடும் தரகருக்கு இந்தப் பதிவு கட்டாயம் இல்லை. ஆணையத்தில் பதிவான திட்டத்தின் மனையையோ அடுக்குமாடி வீட்டையோ விற்றுக்கொடுப்பவருக்கே அது கட்டாயம். 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டேகால் சென்டுக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றால் திட்டத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், புறவழிச்சாலையை ஒட்டி எழும் மனைப்பிரிவுகள் அநேகமாக எல்லாமே இதற்குள் வந்துவிடும். இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. விளம்பரத் தாளில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் ஒப்புதல் எண் பெரிதாக இருக்கும். அது போதும் என்று தரகர் நம்பிவிடுவார். டிடிசிபி ஒப்புதல் மனைப்பிரிவின் வரைபடத்துக்கு உரியது. விற்பனைக்கு ஆணையத்தின் திட்டப் பதிவு எண் தனியாக வேண்டும். அந்த எண் தாளில் இல்லையென்றால், இணையதளத்தில் தேடிப் பார்க்காமல் வாடிக்கையாளரை மனைக்கு அழைத்துச் செல்லக் கூடாது.

பாளையங்கோட்டைப் பக்கம் பதிவான மனைப்பிரிவில் சென்ட் நான்கு லட்சம் வீதம் ஐந்து சென்ட் மனை ஒன்றைப் பதிவில்லாத தரகர் முடித்துக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை இருபது லட்சம்; இரண்டு சதவீதக் கமிஷன் பேசியிருந்தால் வரவு 40,000 ரூபாய். சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி அபராதம் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். உச்சவரம்பு மனை விலையில் ஐந்து சதவீதம், அதாவது ஒரு லட்சம். நான்காம் நாளிலேயே கமிஷன் கரைந்துவிடும். பத்தாம் நாளில் உச்சவரம்பை எட்டிவிடும்.

மகாராஷ்டிரத்தில் வாசலே வேறு. 2023 ஜனவரியில் அங்குள்ள ஆணையம் பிறப்பித்த உத்தரவின்படி, முகவர் முதலில் 20 மணி நேரப் பயிற்சியை முடித்து, பிறகு வங்கிப் பணித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் நிறுவனத்தின் கணினித் தேர்வில் தேறி, தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். ஏற்கனவே பதிவு பெற்றிருந்தவர்களுக்கும் விலக்கு இல்லை. சான்றிதழைக் காலத்துக்குள் பெற்று இணையதளத்தில் ஏற்றாத சுமார் 20,000 முகவர்களின் பதிவு 2024இல் நிறுத்திவைக்கப்பட்டது. கடுமையாகத் தோன்றினாலும், வாழ்நாள் சேமிப்பை மனையில் போடும் மக்களின் பக்கமிருந்து பார்த்தால் இதுவே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டிலும் இது வர வேண்டும்.

ஆனால் ஒருமுறை தேறியவர் பத்தாண்டுகளுக்குப் பின்னும் தேறியவராகவே இருக்கிறாரா என்ற கேள்விக்குச் சிங்கப்பூரின் ஏற்பாடுதான் விடை சொல்கிறது. அங்கே இரண்டு தாள்கள் கொண்ட தேர்வை முடித்தவரும் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் வழியாகவே பதிவு செய்ய முடியும். பதிவு ஆண்டுதோறும் டிசம்பர் 31இல் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 16 மணி நேரத் தொடர்பயிற்சி தேவை. நம்முடைய ஐந்தாண்டுப் பதிவைப் புதுப்பிக்க இப்படி எந்தப் பயிற்சிக் கணக்கும் கேட்கப்படுவதில்லை. கணக்குப் புத்தகங்களை ஒழுங்காக வைத்திருப்பதும், முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிப்பிடுவதும் பதிவுக் காலம் முழுவதும் தொடரும் கடமைகளில் அடங்கும். எண்ணைப் பெற்ற பலர் அதை ரசீதிலும் விளம்பரத்திலும் போடுவதில்லை. புகார் எழும்போது முதலில் அகப்படுவது அதுதான்.

நெல்லை மனைகளை மட்டும் பேசுபவருக்குத் தமிழ்நாட்டுப் பதிவு போதும்; ஆவணம் படிக்கும் பயிற்சியை அவர் பத்திர எழுத்தரிடமோ சர்வேயரிடமோ தாமாகத் தேடிப் பெற வேண்டும். மும்பையில் புதிய அடுக்குமாடி வீடுகளை விற்க நினைப்பவர் அந்தத் தேர்வை எழுதியே ஆக வேண்டும். தாராவியில் இருந்துகொண்டு ஊரிலுள்ள பதிவான மனைப்பிரிவை அங்குள்ள நம்மவர்களுக்கு விற்றுக்கொடுப்பவருக்கோ மும்பைச் சான்றிதழ் உதவாது. நிலம் இருக்கும் தமிழ்நாட்டின் பதிவுதான் அவர் கையில் இருக்க வேண்டும்.